எட்டாம் நாள் எழுதிய புகார்

"தாங்கள் அனுப்பிய காஸ்டிங்குகளில் ப்ளோ ஹோல் அதிகமாக உள்ளது. அளவுகளும் சரியில்லை. பலமுறை சொல்லியும் பயனில்லை. உடனடியாக மாற்றித் தரவும். இல்லையேல் ஆர்டரை ரத்து செய்ய நேரிடும்."

கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனிகளிலிருந்து வார்ப்பாலைகளுக்கு இப்படிக் கடிதம் போவது புதிதல்ல. வார்ப்பாலைக்காரருக்கும் இது பழகிப்போன ஒன்றுதான். படித்துவிட்டு மடித்து வைப்பார், அல்லது போனை எடுத்து, "எத்தனை பீஸுங்க சார்? எந்த ஹீட்டுங்க? ஓட்டை எந்த இடத்துல?" என்று கேட்பார். இந்த மூன்று கேள்விக்கும் கடிதத்தில் பதில் இல்லை. அதனால் பேச்சு கோபத்தில் தொடங்கி சமாதானத்தில் முடியும். பத்துப் பதினைந்து காஸ்டிங்குகள் மாறி வரும். அடுத்த லாட்டில் அதே ஓட்டை அதே இடத்தில் இருக்கும்.

புகார்க் கடிதம் எழுதுவது பர்ச்சேஸ் இன்ஜினியரின் வேலையில் சின்னப் பகுதிதான். ஆனால் வார்ப்பட வியாபாரத்தில் பணம், சட்டம், உலோகவியல் மூன்றும் சந்திக்கும் இடம் அது. ஒரு நல்ல கடிதம் எப்படி இருக்கும், அதன் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் பட்டறைத் தரையில் என்ன வேலை நடந்திருக்க வேண்டும் என்பதை ஓர் உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. நடைமுறை மட்டும் கோவை, பீளமேடு, கணபதி பக்கம் அன்றாடம் நடப்பது.

பொருள் ஒரு சென்ட்ரிஃப்யூகல் பம்ப்பின் மேலுறை. நத்தை ஓடுபோல் சுருண்டு, உள்ளே இம்பெல்லர் சுற்ற இடம்விட்டிருக்கும் இரும்பு உறை. தண்ணீர் நுழையும் வாயிலும் வெளியேறும் வாயிலும் ஃபிளாஞ்ச் என்னும் தட்டையான வளையங்கள் உண்டு. இதைச் சாம்பல் நிற வார்ப்பிரும்பில் வார்ப்பார்கள். ஐ.எஸ். 210 என்ற இந்தியத் தரநிலையில் எஃப்.ஜி. 200 என்று குறிப்பிடப்படும் ரகம். அந்த 200 என்பது, தனியே வார்த்தெடுத்த சோதனைக் கம்பி ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 200 நியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும் என்பதைச் சொல்கிறது.

ஒரே தவணையில் 120 உறைகள் வந்திறங்கின. வரைபடப்படி ஒன்றின் எடை 24 கிலோ. விலை கிலோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வார்ப்படத்தை எண்ணிக்கைக்கு அல்லாமல் எடைக்கு விலைபேசி வாங்குவது இந்தத் தொழிலின் பரவலான வழக்கம். இந்த வழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நல்ல கடிதம் இப்படி இருந்திருக்கும்:

"ஐயா,

பொருள்: பம்ப் மேலுறை, எஃப்.ஜி. 200, வரைபடத் திருத்தம் எண் 3. எங்கள் ஆர்டரின் கீழ் 4-ஆம் தேதி டெலிவரி சலானில் வந்த 120 உருப்படிகள் பற்றி.

இந்த லாட்டை ஏற்க இயலாது என்பதை இக்கடிதத்தின் வழியே எழுத்துமூலம் தெரிவிக்கிறோம். காரணங்கள்:

அளவு: 20 உருப்படிகளை அளந்தோம். மேல்பெட்டி, அடிப்பெட்டி இரண்டையும் கடந்து செல்லும் மொத்த அகலம் 240 மி.மீ., கூட்டியோ குறைத்தோ 2 மி.மீ. வரை அனுமதி. 13 உருப்படிகள் இதற்குள் உள்ளன. 7 உருப்படிகள் 242.6 முதல் 244.4 வரை உள்ளன. ஒவ்வொன்றின் அளவும் இணைப்பில்.

எடை: அதே 20 உருப்படிகள் 24.1 முதல் 26.6 கிலோ வரை. சராசரி 25.2 கிலோ.

துளை: 8 உருப்படிகளைச் சோதனைக்காகக் கடைந்தோம். அளவுக்குள் இருந்தவை 4, அளவு மீறியவை 4. இரண்டு வகையிலும் உங்கள் இரு ஹீட்டுகளிலிருந்தும் பாதிப் பாதி. அளவுக்குள் இருந்த நான்கும் நன்றாக உள்ளன. அளவு மீறிய நான்கில் இரண்டில், உறிஞ்சு ஃபிளாஞ்சும் கழுத்தும் சேரும் இடத்தில் துளைகள் வெளிப்பட்டன. மூன்றாவது, 4.5 கிலோ நீரழுத்தத்தில் 3 நிமிடத்துக்குள் அதே இடத்தில் கசிந்தது. ஒன்றை அறுத்துப் பார்த்தோம். சொரசொரப்பான, ஒழுங்கற்ற குழி, நீளம் சுமார் 6 மி.மீ. அளவுகோல் வைத்து எடுத்த படங்கள் இணைப்பில்.

இதே பேட்டர்னில் நீங்கள் வார்த்த முந்தைய லாட்டுகளில் இந்த இடத்தில் துளை காணப்படவில்லை.

கடையாத 112 உருப்படிகளும் சிவப்பு அட்டை கட்டித் தனியே வைக்கப்பட்டுள்ளன. கடைந்தவையும் அறுத்த துண்டுகளும் நீங்கள் பார்க்கும்வரை பாதுகாக்கப்படும்.

மூன்று வேலை நாட்களுக்குள் உங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளரை அனுப்புங்கள். 112-ஐயும் சேர்ந்து எடைபோட்டுப் பிரித்துக்கொள்வோம். தள்ளுபடியாகும் உருப்படிகளுக்கு மாற்று வேண்டும். அதில் முதல் 40 உருப்படிகள் பத்து நாளுக்குள் வந்தால் எங்கள் அசெம்பிளி நிற்காது. கெட்டுப்போன 3 உருப்படிகளின் கடைசல் கூலி தலா 650 ரூபாய் உங்கள் கணக்கில் எழுதப்படும். காரணத்தையும் திருத்த நடவடிக்கையையும் எழுத்தில் எதிர்பார்க்கிறோம்."

தேதி 12. சரக்கு வந்த எட்டாம் நாள்.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது, இல்லாத ஒன்றை. 'உங்கள் மணலில் ஈரம் அதிகம்', 'உங்கள் இரும்பு சரியில்லை' என்று ஒரு சொல்கூட இல்லை. அனுபவமுள்ள பொறியாளருக்குக் காரணத்தைச் சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் ஆபத்து. மணலில் ஈரம் என்று நீங்கள் எழுதினால் வார்ப்பாலை ஈரத்தைக் குறைக்கும். துளை போகாவிட்டால், "நீங்க சொன்னபடிதானே செஞ்சோம்" என்ற பதில் தயாராக இருக்கும். கண்டதை எழுதுவது வாங்குபவரின் வேலை, காரணத்தைத் தேடுவது வார்ப்பவரின் வேலை. ஆனால் எதைக் காண வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதிலேயே காரணத்தின் பக்கம் வழிகாட்ட முடியும். இந்தக் கடிதம் அதைச் சத்தமில்லாமல் செய்திருக்கிறது.

துளைகளிலிருந்து தொடங்குவோம். வார்ப்படத்தில் துளை விழ இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று காற்று. ஈரமான மணலில் 1,350 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும் இரும்பு பட்டதும் நீராவி கிளம்பும். உள்வெளியை உண்டாக்கும் கோரில் சேர்த்த பிசின் எரிந்தும் வாயு வரும். அது வெளியேற வழி இல்லாவிட்டால் உலோகத்துக்குள்ளேயே சிறைப்படும். இப்படி உண்டான துளை இட்லியைப் பிட்டால் தெரியும் கண்களைப்போல உருண்டையாக இருக்கும், உட்சுவர் வழுவழுவென்று இருக்கும், பல நேரம் பளபளக்கும். பெரும்பாலும் மேற்பரப்பை ஒட்டிக் கிடக்கும்.

இன்னொரு வழி சுருக்கம். உருகிய உலோகம் இறுகும்போது இடம் குறைகிறது. தடித்த பகுதி கடைசியில் இறுகும். சுற்றியுள்ள மெல்லிய பகுதிகள் அதற்குமுன் இறுகிவிட்டால், தடித்த பகுதிக்கு ஊட்டக் கூடுதல் உலோகம் வந்துசேராது, நடுவில் வெற்றிடம் விழும். அதன் சுவர் முரடாக, கிளைகிளையாக, கிழிந்ததுபோல் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும், இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம். ஃபிளாஞ்சும் கழுத்தும் சேரும் மூலை தடித்த இடம். கடிதத்தில் 'சொரசொரப்பான, ஒழுங்கற்ற குழி' என்ற மூன்று சொற்கள் ஏன் இருக்கின்றன என்று இப்போது விளங்கும். வெறுமனே ப்ளோ ஹோல் என்று எழுதியிருந்தால் வார்ப்பாலை ஈரத்தையும் காற்றுப்போக்கையும் துழாவிக்கொண்டிருக்கும். இந்தத் துறையில் எல்லா ஓட்டைக்கும் ப்ளோ ஹோல் என்று ஒரே பெயர் வைப்பதைப்போல் நேரம் வீணடிக்கும் பழக்கம் வேறில்லை.

அடுத்து அளவு. மணலில் வார்க்கும் பொருள் மில்லிமீட்டர் பிசகாமல் வராது, வரவும் வேண்டாம். சாம்பல் வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்கு ஏறக்குறைய 10 மி.மீ. சுருங்கும் என்று கணக்குப் போட்டே பேட்டர்னைச் சற்றுப் பெரிதாகச் செய்கிறார்கள். எவ்வளவு பிசகலாம் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 8062 என்ற தரநிலையில் படிநிலைகள் இருக்கின்றன. அதன் பத்தாம் படியில் 160 முதல் 250 மி.மீ. வரையுள்ள அளவுக்கு மொத்தம் 4 மி.மீ. அகலம் கொடுக்கப்பட்டிருக்கிறது. கடிதத்தில் உள்ள '2 மி.மீ. கூட்டியோ குறைத்தோ' அங்கிருந்து வந்ததுதான். வரைபடத்தில் இந்தப் படியைக் குறிக்காமல் 240 என்று மட்டும் போட்டு அனுப்பிவிட்டுப் பிறகு சண்டை போடும் கம்பெனிகள் உண்டு. அந்தச் சண்டையில் நியாயம் வார்ப்பாலையின் பக்கம்.

அளவு தவறினால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எல்லாம் ஒரே மாதிரி தவறியிருக்கிறதா, சிதறித் தவறியிருக்கிறதா? பேட்டர்ன் தவறாக இருந்தால் அதில் அடித்த அச்செல்லாம் ஒரே அளவில் தவறும். பழைய வரைபடத் திருத்தத்தை வைத்து வார்த்திருந்தாலும் அப்படித்தான். இந்த இரண்டிலும் குற்றம் வாங்குபவர்மேலேயே திரும்பலாம். பேட்டர்ன் பல நேரம் வாங்குபவரின் சொத்து, வார்ப்பாலையில் கிடக்கிறது, அவ்வளவே. புதிய திருத்தத்தை அனுப்ப மறந்ததும் வாங்குபவராகவே இருக்கலாம். அதனால்தான் கடிதத்தின் முதல் வரியிலேயே திருத்த எண் வருகிறது. எழுதும் முன் பொறியாளர் தன் வீட்டைச் சரிபார்த்துவிட்டார் என்று அதற்குப் பொருள். இங்கே 20-ல் 13 சரியாக இருக்கின்றன, 7 சிதறியிருக்கின்றன. பேட்டர்ன் தப்பித்துக்கொண்டது. மாறுவது ஏதோ அச்சுக்கு அச்சு மாறுகிறது.

இப்போது எடை. வார்ப்படத்தைத் தராசில் வைப்பது மிக மலிவான சோதனை, இருந்தும் பல வரவு ஆய்வுப் பிரிவுகள் அதைச் செய்வதில்லை. லாரி எடை மேடையில் மொத்தமாகப் போட்டு பில்லோடு ஒத்துப்பார்ப்பதோடு சரி. ஒவ்வொன்றாகப் போட்டால்தான் 24.1-க்கும் 26.6-க்கும் இடையிலுள்ள தூரம் கண்ணில் படும். அளவு மீறிய ஏழும் எடை கூடியவை. துளை விழுந்தவை எல்லாம் அந்தக் கனத்த கூட்டத்திலிருந்தே வந்தவை.

உள்ளே ஓட்டை இருந்தால் எடை குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடும்? இந்தக் கடிதத்தின் முடிச்சே இதில்தான் இருக்கிறது.

சாம்பல் வார்ப்பிரும்பு மற்ற உலோகங்களைப்போல் வெறுமனே சுருங்கிக்கொண்டே போவதில்லை. இறுகும் கட்டத்தில் அதிலுள்ள கரி கிராஃபைட் தகடுகளாகப் பிரிந்து வெளிப்படும். கிராஃபைட் இரும்பைவிடப் பல மடங்கு லேசானது, அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கும். ஆக, இறுகும்போதே உள்ளிருந்து ஒரு விரிவு கிளம்பி நாற்புறமும் தள்ளுகிறது. அச்சின் மணல்சுவர் கெட்டியாக இருந்தால் அந்த விரிவுக்கு வெளியே போக இடமில்லை. உள்நோக்கித் திரும்பி, சுருக்கத்தால் விழவிருந்த வெற்றிடங்களை அதுவே அடைத்துவிடும். வார்ப்பவர்கள் இதை நம்பித்தான் சாம்பல் இரும்புக்குச் சின்ன ரைசர் வைத்துச் சமாளிக்கிறார்கள்.

மணல் மெத்தென்று இருந்தால் கதை மாறும். ஊற்றிய இரும்பின் கனமும் அதன்பின் கிராஃபைட்டின் தள்ளலும் சுவரை வெளியே நகர்த்தும். அச்சின் கொள்ளளவு பெரிதாகும். வார்ப்படம் பருத்துவிடும், கூடுதல் உலோகம் உள்ளே போனதால் எடையும் ஏறும். ஆனால் பெரிதான இடம் முழுவதையும் நிரப்ப உலோகம் போதாது. கடைசியில் இறுகும் தடித்த மூலையில் வெற்றிடம் மிஞ்சும். பருத்த அளவு, ஏறிய எடை, உள்ளே முரட்டுக் குழி மூன்றும் ஒரே காரணத்தின் பிள்ளைகள். கடிதத்தில் இரண்டு குறைகள் தனித்தனித் தலைப்பில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே உருப்படிகளில் எடையோடு சேர்த்துக் காட்டியதால், படிப்பவர் அதை ஒரே குறையாகப் பார்க்கத் தொடங்குவார்.

ஹீட் விவரமும் அதற்காகத்தான். ஹீட் என்பது ஓர் உலையில் ஒருமுறை உருக்கிய இரும்பு. இரும்பின் கலவையில் தவறு என்றால் ஒரு ஹீட்டைச் சேர்ந்தவை கெட்டு, மற்றதைச் சேர்ந்தவை பிழைத்திருக்கும். இங்கே இரண்டிலும் கனத்தவை கெட்டன, இரண்டிலும் அளவானவை பிழைத்தன. விரல் உலையைக் காட்டவில்லை, அச்சு அடிக்கும் இடத்தைக் காட்டுகிறது. எட்டே எட்டு உருப்படிகளை வைத்து இதைத் தீர்ப்பாகச் சொல்ல முடியாதுதான். எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று முடிவுசெய்ய இது போதும். எட்டையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காமல் நாலுக்கு நாலாகத் தேர்ந்தெடுத்ததில்தான் பொறியாளரின் திறமை இருக்கிறது.

வார்ப்பாலை தரப்பிலிருந்து வரக்கூடிய எதிர்வாதங்களும் கடிதம் எழுதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, "நீங்க கடைசல்ல அதிகமா எடுத்துட்டீங்க." இதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஃபிளாஞ்ச் முகத்தில் கடைவதற்கென்று 3 மி.மீ. கூடுதலாக விட்டிருப்பார்கள். உறை ஒரு பக்கம் பருத்திருந்தால், அந்தப் பக்கத்தை ஆதாரமாக வைத்து லேத்தில் பிடிக்கும்போது எதிர்ப்பக்கத்தில் 3-க்குப் பதில் 5 மி.மீ. எடுக்க வேண்டிவரும். மேல்தோல் போய் உள்ளே கிடந்த துளை வெளியே வரும். ஆனால் கசிந்த மூன்றாவது உருப்படியில் துளை எதுவும் வெளிப்படவில்லை, சுவரின் தடிமன் வழியாகவே நீர் வந்தது. நீரழுத்தச் சோதனையைக் கடிதத்தில் தனியாகச் சொன்னதன் பயன் இது. பம்ப் தாங்க வேண்டிய அதிகபட்ச அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் சோதிப்பது வழக்கம். 30 மீட்டர் உயரத்துக்கு நீரேற்றும் பம்ப்புக்கு அது 3 கிலோ, ஒன்றரை மடங்கு 4.5 கிலோ.

இரண்டாவது வாதம், "உங்க டிசைன்லயே அந்த மூலை தடிமன் அதிகங்க." அதுவும் பொய்யில்லை. ஆனால் இதே பேட்டர்னில் முன்பு நல்லபடியாக வந்திருக்கிறது என்ற ஒரு வரி அந்த வாதத்தின் வேகத்தைக் குறைத்துவிடும்.

சட்டத்தின் பக்கமும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. கோவை வார்ப்பாலைகளில் நிறைய குறு, சிறு நிறுவனங்களாகப் பதிவானவை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டப்படி, இவற்றிடம் வாங்குபவர் பேசிக்கொண்ட தேதிக்குள் பணம் கொடுக்க வேண்டும். என்ன பேசிக்கொண்டாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. இந்த நாட்கள் சரக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். ஒரே விதிவிலக்கு: சரக்கு வந்த 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்தால், அந்த ஆட்சேபத்தை விற்பவர் தீர்த்துவைக்கும் நாளிலிருந்துதான் கணக்கு. போனில் எத்தனை முறை கத்தினாலும் அது எழுத்துமூலம் ஆகாது.

இங்கேதான் சிக்கல். அளவுக் குறை வந்த அன்றே தெரியும். துளையோ கடையும்போதுதான் தெரியும். சரக்கைக் கிடங்கில் அடுக்கிவிட்டு மூன்றாவது வாரம் லேத்துக்கு எடுக்கும் கம்பெனிக்கு, துளை கண்ணில் படும்போது 15 நாள் போயிருக்கும். அதற்காகத்தான் எட்டு உருப்படிகளை முதல் வாரத்திலேயே முன்னோட்டமாகக் கடைந்து, நீரழுத்தத்துக்கும் உட்படுத்தியது.

மொத்தத்தையும் கடைந்துவிட்டுப் புகார் எழுதுவதும் தவறு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில், விற்றவரின் உரிமைக்கு ஒவ்வாத செயலை வாங்கியவர் அந்தச் சரக்கின்மேல் செய்தாலோ, மறுப்பைத் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டாலோ, ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். சோதித்துப்பார்க்க எட்டைக் கடைவது ஆய்வு. 120-ஐயும் கடைந்துவிட்டால் ஏற்றுக்கொண்டீர்கள் என்ற வாதம் எழும். அதன்பின் சரக்கை மறுக்க முடியாது, விலைக்குறைப்போ நஷ்டஈடோ கேட்கலாம், அவ்வளவுதான். மறுத்த சரக்கை வாங்கியவரே லாரி வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. மறுக்கிறேன் என்று தெரிவித்தால் போதும். கடிதத்தில் 'ஏற்க இயலாது' என்ற சொல்லும், 112 உருப்படிகள் எங்கே எப்படி இருக்கின்றன என்ற வரியும் இந்த இரண்டு ஏற்பாடுகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை.

20 என்ற எண்ணிக்கையும் வாய்க்கு வந்தது அல்ல. எண்ணிக்கை முறையில் மாதிரி எடுப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 2859 அட்டவணையில், 91 முதல் 150 வரையுள்ள லாட்டுக்குச் சாதாரண ஆய்வில் 20 எடுக்கச் சொல்கிறது. 2.5 என்ற தர அளவுக்கு ஒப்பந்தமாகியிருந்தால் ஒன்று கெட்டிருந்தாலும் லாட்டை ஏற்கலாம், இரண்டு கெட்டால் மறுக்கலாம். இங்கே ஏழு. இந்தத் தர அளவு ஆர்டரிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், பிறகு நுழைக்க முடியாது.

கடிதம் போனபின் நடப்பது பெரும்பாலும் நேரில்தான். அதற்கு முன் ஒரு போன். கோவையில் அந்தப் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"அண்ணா, லெட்டர் அனுப்பிச்சிருக்கேனுங்க. கோவிச்சுக்காதீங்க. பீஸெல்லாம் அப்படியே வெச்சிருக்கேன், ஒரு நடை வந்து பார்த்துருங்க."

"ஏனுங்க தம்பி, எடையெல்லாம் போட்டு எழுதியிருக்கீங்க? இதுவரைக்கும் ஆரும் அப்படி எழுதினதில்லீங்களே."

"வந்து பாருங்கண்ணா. தராசை எடுத்து வெளியவே வெச்சிருக்கேன்."

வார்ப்பாலையின் ஆள் வந்ததும் 112-ஐயும் தராசில் ஏற்றுவார்கள். நம் உதாரணத்தில் 25.5 கிலோவுக்கு மேல் உள்ளவை 39 என்று வைத்துக்கொள்வோம். அவற்றை வார்ப்பாலை திரும்ப எடுத்துக்கொள்ளும், உடைத்து உலையில் போட அவை நல்ல கழிவு இரும்பு. மீதி 73-ஐயும் அகலம் அளந்து, கடைந்தபின் ஒவ்வொன்றையும் நீரழுத்தத்தில் சோதித்து, தேறியதை மட்டும் ஏற்பதாக எழுதிக்கொள்ளலாம். இந்தச் சலுகையையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. துளை நுண்ணியதாக இருந்தால் வெற்றிட முறையில் பிசின் ஏற்றி அடைக்கும் வழி இருக்கிறது. அது கசிவை நிறுத்தும், குழியால் குறைந்த பலத்தைத் திருப்பித் தராது. ஆறு மில்லிமீட்டர் குழிக்கு அது மருந்தே அல்ல. வாங்குபவருக்குச் சொல்லாமல் பட்டி வைத்து அடைத்து, மேலே ரெட் ஆக்சைடு அடித்து அனுப்புவதும் இந்தத் தொழிலில் நடக்கிறது. அதற்குப் பெயர் சரிசெய்வது அல்ல.

பணக் கணக்கு சுலபம். பில்லில் மொத்த எடை 3,024 கிலோ. வரைபடக் கணக்கில் 120 உருப்படிகளுக்கு 2,880. வித்தியாசம் 144 கிலோ, வரி நீங்கலாக 14,400 ரூபாய். துளை விழக் காரணமான அதே பருமனுக்கு வாங்குபவர் கிலோ கணக்கில் பணமும் கட்டியிருப்பார். எடைக்கு விலைபேசும் வழக்கத்தின் பலவீனம் இது: அச்சு மெத்தென்று அடித்தவருக்குப் பில் தொகை கூடுகிறது. வரைபட எடைக்கு மேல் 3 சதவீதம்வரைதான் பணம் என்ற ஒரு வரி ஆர்டரில் இருந்தால், இந்தத் தவறு முதலில் வார்ப்பாலையின் கணக்குப்பிள்ளை கண்ணிலேயே பட்டிருக்கும். கடைசல் கூலி 1,950 ரூபாயை வார்ப்பாலை ஏற்குமா என்பது பேச்சில் முடிவாகும். காஸ்டிங்குக்குக் காஸ்டிங் தருவோம், அதற்குமேல் பொறுப்பில்லை என்று பல வார்ப்பாலைகள் கொட்டேஷனிலேயே எழுதிவிடுகின்றன. வாங்குபவர் டெபிட் நோட் எழுதுவதோடு வேலை முடியாது, விற்றவர் ஜி.எஸ்.டி. சட்டப்படி கிரெடிட் நோட் தந்தால்தான் இருபக்கக் கணக்கும் நேராகும்.

காரணத்தைத் தேடப்போகும் வார்ப்பாலையில் முதலில் எடுக்க வேண்டிய கருவி சட்டைப்பையில் அடங்கும். அச்சின் முகத்தில் வைத்து அழுத்தினால் கெட்டித்தன்மையை 100-க்கு இத்தனை என்று காட்டும் மீட்டர். 80-களில் நின்றால் கெட்டி, 60-களில் நின்றால் மெத்து. நம் உதாரணத்தில் அச்சடிக்கும் இயந்திரங்கள் இரண்டு, இரண்டுக்கும் காற்று ஒரே கம்ப்ரஸரிலிருந்து போகிறது. இரண்டும் சேர்ந்து ஓடும் நேரத்தில் குழாயின் கடைசியில் இருக்கும் இயந்திரத்துக்குக் காற்றழுத்தம் 6 கிலோவிலிருந்து 4-க்கு இறங்குகிறது, மணலை முழு பலத்தோடு அழுத்த முடியவில்லை. அந்த இயந்திரத்தில் அடித்த அச்சுகளில்தான் பருத்த உறைகள் பிறந்தன. ஒன்று மட்டும் ஓடிய நேரத்தில் அதே இயந்திரம் நல்ல அச்சும் அடித்தது. 20-ல் 13 சரியாகவும் 7 சிதறியும் வந்ததற்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

வார்ப்பாலையின் பதிலில் 'இனி கவனமாக இருப்போம்' என்று மட்டும் இருந்தால் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். காற்றுத்தொட்டி ஒன்று கூடுதலாக வைத்தோம், 5.5 கிலோவுக்குக் கீழே இறங்கினால் அச்சடிப்பதை நிறுத்துகிறோம், பெட்டிக்கு மூன்று இடத்தில் கெட்டித்தன்மை பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறோம் என்று இருந்தால் ஏற்கலாம். மாற்று உருப்படிகளில் முதல் ஐந்து பெயின்ட் அடிக்காமல், ஒவ்வொன்றின் மேலும் எடையைச் சாக்பீஸில் எழுதி, அந்தந்த அச்சின் மீட்டர் அளவோடு வரவேண்டும். அந்த ஐந்தும் வந்த அன்றே தராசுக்கும் லேத்துக்கும் போகும். தேறினால் மற்றவற்றுக்கு அனுமதி. தள்ளுபடியான கடைசி உருப்படிக்கும் மாற்று வந்து இருதரப்பும் கையெழுத்திடும் நாளில் ஆட்சேபம் தீர்ந்ததாகும், 45 நாள் கணக்கு அன்றிலிருந்து தொடங்கும்.